அண்ணன் கம்பெனியில் 15 சதவீதம்: விற்றால் எவ்வளவு வரும்?

கடலூர், புதுச்சேரி பக்கம் கல்யாணப் பேச்சிலும் பாகப்பிரிவினைப் பேச்சிலும் ஒரு கணக்கு அடிக்கடி காதில் விழும். "கம்பெனி நாலு கோடி போகும். அதுல இவங்களுக்குப் பதினைஞ்சு பர்சன்ட். அப்ப அறுபது லட்சம் இவங்களுது." பெருக்கலில் தப்பில்லை. ஆனால் அந்த நாலு கோடி எங்கிருந்து வந்தது, அதில் பதினைந்து சதவீதத்தை யார் வாங்குவார்கள், வாங்க வந்தவருக்கு விற்க விடுவார்களா என்ற மூன்று கேள்விகளையும் அந்தப் பெருக்கல் தாண்டிப் போய்விடுகிறது. பட்டியலிடப்படாத பங்கு என்றால் என்ன, அதற்கு விலை சொல்வது ஏன் இவ்வளவு கஷ்டம் என்பதை ஒரு சின்னக் குடும்பக் கம்பெனியின் கணக்கை வைத்தே பார்த்துவிடலாம்.

பங்குச்சந்தை இல்லாவிட்டால் என்ன இல்லாமல் போகிறது?

நெய்வேலியின் என்எல்சி பங்கை எடுத்துக்கொள்ளுங்கள். அது என்எஸ்இ, பிஎஸ்இ என்ற இரண்டு பங்குச்சந்தைகளிலும் பட்டியலிடப்பட்டது, அதாவது அங்கே வாங்கவும் விற்கவும் அனுமதி பெற்றது. மஞ்சக்குப்பத்தில் இருக்கும் ஒருவர் காலை 9.15 மணிக்கு மேல் போனிலேயே விற்றுவிடலாம். வாங்குபவர் யார் என்று அவருக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். மறுநாள் கணக்கு முடிந்து பணம் வந்துவிடும். விலை என்ன என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. கடைசியாக ஒருவர் என்ன கொடுத்து வாங்கினாரோ அதுதான் விலை, அது திரையில் ஓடிக்கொண்டே இருக்கும்.

பட்டியலிடப்படாத பங்குக்கு அந்தத் திரை கிடையாது. கம்பெனி நன்றாக நடக்கலாம், லாபம் கொட்டலாம். ஆனால் இன்றைய விலை என்று ஒன்று எங்கும் உருவாவதில்லை. யாராவது இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து பேசி முடித்தால்தான் விலை பிறக்கும். அந்த விலையும் அந்த இரண்டு பேருக்கு மட்டும்தான்.

இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, பப்ளிக் லிமிடெட் கம்பெனியாக இருந்தும் இன்னும் சந்தைக்கு வராதது. இன்னொன்று பிரைவேட் லிமிடெட். பிரைவேட் லிமிடெட் என்றால் என்ன என்று 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம் சொல்லும்போதே, பங்கு கைமாறுவதைக் கட்டுப்படுத்த வேண்டும், பங்குதாரர்கள் 200 பேருக்கு மேல் போகக் கூடாது, பொதுமக்களை வாங்கச் சொல்லி அழைக்கக் கூடாது என்று மூன்று நிபந்தனைகள் வைக்கிறது. ஆக, பிரைவேட் லிமிடெட் பங்கை விற்க முடியவில்லை என்று புலம்புவதில் அர்த்தமில்லை. சுலபமாக விற்க முடியாதபடிதான் அதை அமைத்தே இருக்கிறார்கள்.

வாட்ஸ்அப்பில் வரும் விலைப்பட்டியல்

முதல் வகையைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். "அன்லிஸ்டெட் ஷேர், சீக்கிரம் ஐபிஓ வருது" என்று தரகர்கள் அனுப்பும் பட்டியலில் இருப்பவை பெரும்பாலும் இந்த வகைதான். ஐபிஓ என்பது ஒரு கம்பெனி முதல்முறையாகப் பொதுமக்களுக்குப் பங்கு விற்றுச் சந்தைக்கு வருவது. பட்டியலில் ஒரு விலை எழுதியிருக்கும். அதைச் சந்தை விலை என்று பலர் நம்பிவிடுகிறார்கள். உண்மையில் அது அந்தத் தரகர் கேட்கும் விலை, அவ்வளவுதான்.

ஹெச்டிபி ஃபைனான்ஷியல் சர்வீசஸ் கதை இதற்கு நல்ல உதாரணம். அதன் பங்கு ஐபிஓவுக்கு முன் தரகர்களிடம் 1,200 ரூபாய்க்கு மேல் கைமாறிக்கொண்டிருந்தது. 2025 ஜூனில் கம்பெனியே ஐபிஓ விலையை அறிவித்தபோது அது 700 முதல் 740 ரூபாய். ஜூலை 2ஆம் தேதி சந்தைக்கு வந்தபோது 835இல் ஆரம்பித்தது. ஐபிஓ வாங்கியவர்களுக்கு லாபம். அதற்கு முன்பே முந்திக்கொண்டு வாங்கியவர்களுக்குப் பட்டியலான அன்றே பெரிய நஷ்டம். போதாததற்கு, ஐபிஓவுக்கு முன்பே பங்கு வைத்திருந்த சாதாரண முதலீட்டாளர்கள் பங்கு ஒதுக்கீட்டு நாளிலிருந்து பொதுவாக ஆறு மாதம் விற்க முடியாது என்று பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதி இருக்கிறது. விலை இறங்குவதைத் திரையில் பார்க்கலாம், விற்கத்தான் முடியாது. பட்டியலிடப்படாத பப்ளிக் லிமிடெட் பங்குகளை வாங்கி விற்க வசதி செய்து தரும் அனுமதியில்லாத இணையதளங்களைப் பற்றி 2024 டிசம்பரில் செபி எச்சரிக்கையும் விட்டது.

இத்தனைக்கும் இது பல ஆயிரம் பேர் விசாரித்து வாங்கிய பெரிய கம்பெனி. அதற்கே இந்த நிலை என்றால், ரெட்டிச்சாவடியில் இருக்கும் ஒரு சின்னக் கம்பெனியின் பங்குக்கு என்ன விலை சொல்வது?

பிரிக்காத வீட்டில் ஒரு பாகம்

திருப்பாதிரிப்புலியூரில் தாத்தா காலத்து வீடு ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். பாகம் பிரிக்கவில்லை. ஆறு வாரிசுகள். ஐந்து பேர் அதிலேயே குடியிருக்கிறார்கள். ஆறாவது ஆள் சென்னையில் இருக்கிறார், தன் பாகத்தை விற்க நினைக்கிறார். வீட்டின் மதிப்பு 90 லட்சம், அவர் பாகம் 15 லட்சம் என்று காகிதத்தில் எழுதலாம். வெளியாள் ஒருவர் 15 லட்சம் கொடுத்து வாங்கினால் அவருக்கு என்ன கிடைக்கும்? எந்த அறையும் அவருடையது இல்லை. வாடகைக்கு விட முடியாது. வீட்டை விற்கச் சொன்னால் மற்ற ஐந்து பேரும் தலையாட்ட வேண்டும், இல்லையென்றால் கோர்ட்டுக்குப் போக வேண்டும். அதனால் வெளியாள் 15 லட்சம் தர மாட்டார். ஆனால் கூடவே குடியிருக்கும் அண்ணன் மகன் ஏற்கெனவே மூன்று பாகம் சேர்த்து வைத்திருக்கிறார், இதுவும் கிடைத்தால் வீட்டில் பாதிக்கு மேல் அவர் கைக்கு வந்துவிடும் என்றால், அவர் கூடக் கொடுக்கவும் தயாராக இருப்பார்.

கம்பெனிப் பங்கும் இதே மாதிரிதான், ஒரு வித்தியாசத்தோடு. வீட்டு வழக்கில் கோர்ட் கடைசியில் பாகத்தைப் பிரித்துக் கொடுத்துவிடும். கம்பெனியில் 15 சதவீதப் பங்கு வைத்திருப்பவர் இரண்டு மெஷினைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. சொத்து முழுக்கக் கம்பெனியின் பெயரில் இருக்கிறது. பங்குதாரருக்கு இருப்பது ஓட்டும், லாபத்தில் பங்கு தர அறிவித்தால் வரும் டிவிடெண்டும், கம்பெனியைக் கலைத்தால் மிச்சத்தில் ஒரு பங்கும்தான்.

ஒரே கம்பெனி, மூன்று மதிப்பு

இனி கணக்குக்கு வருவோம். இந்தக் கம்பெனி கற்பனை, எண்களும் நானே போட்டவை. ஆனால் வடிவம் இந்தப் பக்கத்து ஆடிட்டர் அலுவலகங்களில் தினம் பார்க்கிற வடிவம்தான்.

2004இல் ஒருவர் ரெட்டிச்சாவடி அருகே நிலம் வாங்கி, மருந்து பாட்டிலுக்கு மூடி செய்யும் பிரைவேட் லிமிடெட் கம்பெனி ஆரம்பித்தார். மொத்தம் 10,000 பங்கு, ஒவ்வொன்றும் 100 ரூபாய் முகமதிப்பு. அவர் காலத்துக்குப் பிறகு கம்பெனியை நடத்தும் அண்ணனிடம் 6,000 பங்கு, தம்பியிடம் 2,500, கல்யாணமாகிக் கடலூரில் இருக்கும் தங்கையிடம் 1,500. மகள் படிப்புக்காகத் தங்கை தன் பங்கை விற்க வேண்டும்.

பேலன்ஸ் ஷீட்டைப் பார்ப்போம். நிலம், வாங்கிய விலையிலேயே 6 லட்சம். கட்டடமும் மெஷினும் 1 கோடியே 10 லட்சம். சரக்கும் வரவேண்டிய பாக்கியும் 1 கோடியே 60 லட்சம். பேங்கில் 14 லட்சம். ஆக மொத்தம் 2 கோடியே 90 லட்சம். கடன் எல்லாம் சேர்த்து 1 கோடியே 40 லட்சம். கழித்தால் மிச்சம் 1 கோடியே 50 லட்சம். பங்குக்கு 1,500 ரூபாய். இதைப் புத்தக மதிப்பு என்பார்கள். அதாவது கணக்குப் புத்தகத்தில் உள்ள சொத்திலிருந்து கடனைக் கழித்தது.

இதில் நிலம் 6 லட்சம் என்று இருப்பதைப் பார்த்துத் தங்கைக்குக் கோபம் வருவது நியாயம்தான். அரசாங்க வழிகாட்டி மதிப்பிலேயே அந்த நிலம் 1 கோடியே 80 லட்சம். அதை மட்டும் மாற்றிப் போட்டால் மிச்சம் 3 கோடியே 24 லட்சம், பங்குக்கு 3,240 ரூபாய். அக்கம்பக்கத்தில் விற்ற விலையைப் பார்த்தால் நிலம் இரண்டரைக் கோடி போகும் என்கிறார்கள். அப்படிப் போட்டால் கிட்டத்தட்ட 4 கோடி. கல்யாணப் பேச்சில் வந்த "நாலு கோடி" இங்கிருந்துதான் வந்தது.

அண்ணன் வேறு மாதிரிப் பார்க்கிறார். "நிலத்தை விற்றால் கம்பெனியே இல்லை. கம்பெனி என்ன சம்பாதிக்கிறது என்று பார்" என்கிறார். வருஷ லாபம், வரி போக, 40 லட்சம். ஆனால் அண்ணன் மாதம் 50,000 ரூபாய்தான் சம்பளம் எடுக்கிறார். அவர் வேலையை வெளியாள் செய்தால் வருஷத்துக்கு 18 லட்சம் கேட்பார். அந்த 12 லட்ச வித்தியாசத்தை, அதற்கான வரியைச் சரிக்கட்டிக் கழித்தால் உண்மையான லாபம் சுமார் 31 லட்சம். இப்படிப்பட்ட கம்பெனியை வாங்க வருபவர் அதைப் போல ஐந்து மடங்கு கொடுக்கலாம், மிஞ்சினால் ஆறு. ஐந்து மடங்கு என்றால் 1 கோடியே 55 லட்சம். பங்குக்கு 1,550 ரூபாய்.

ஏன் ஐந்து, ஏன் இருபது இல்லை? சந்தையில் இருக்கும் பெரிய கம்பெனிகளுக்கு இருபது, முப்பது மடங்கு கொடுக்கிறார்களே என்று கேட்கலாம். இந்தக் கம்பெனியின் ஆர்டரில் பாதி ஒரே ஒரு மருந்து கம்பெனியிடமிருந்து வருகிறது. அது போனால் லாபமும் போச்சு. வாடிக்கையாளர்களின் போன் நம்பர் எல்லாம் அண்ணன் தலையில் இருக்கிறது. அது மட்டுமில்லை, வரவேண்டிய பாக்கியில் 30 லட்சம் இரண்டு வருஷத்துக்கு மேல் நிற்கிறது. அதை வாராக்கடன் என்று எழுதினால் புத்தக மதிப்பே 1 கோடியே 20 லட்சத்துக்கு இறங்கிவிடும். இன்னும் எழுதவில்லை. எழுதலாமா வேண்டாமா என்று தீர்மானிப்பவர் அண்ணன்.

இதுவரை பார்த்தது: ஒரே கம்பெனிக்கு 1,500, 3,240, 1,550 என்று மூன்று மதிப்பு. மூன்றும் சரியான கணக்குதான். ஒன்று பழைய செலவைச் சொல்கிறது, ஒன்று மூடினால் என்ன மிஞ்சும் என்பதைச் சொல்கிறது, ஒன்று ஓடினால் என்ன வரும் என்பதைச் சொல்கிறது. எது சரி என்று தீர்த்துச் சொல்லச் சந்தை இல்லை.

கம்பெனியின் 15 சதவீதம் வேறு, 15 சதவீதப் பங்கு வேறு

சரி, லாபக் கணக்கையே எடுத்துக்கொண்டாலும் 1 கோடியே 55 லட்சத்தில் 15 சதவீதம், சுமார் 23 லட்சம் தங்கைக்கு வர வேண்டாமா? இங்கேதான் பெரும்பாலோர் வழுக்குகிறார்கள்.

அந்த 1 கோடியே 55 லட்சம், கம்பெனியை முழுசாக வாங்குபவர் கொடுக்கும் விலை. அவர் மேனேஜரை மாற்றலாம், நிலத்தை விற்கலாம், லாபத்தை டிவிடெண்டாக எடுக்கலாம். 15 சதவீதம் வாங்குபவரால் இதில் ஒன்றும் செய்ய முடியாது. டைரக்டர்களை நியமிக்கப் பாதிக்கு மேல் ஓட்டுப் போதும், அது அண்ணனிடம் இருக்கிறது. டிவிடெண்ட் எவ்வளவு என்று டைரக்டர்கள்தான் பரிந்துரைக்கிறார்கள். அவர்கள் சொன்னதைவிடக் கூடுதலாகப் பங்குதாரர்கள் கூடி அறிவித்துக்கொள்ளவும் முடியாது. இந்தக் கம்பெனி இதுவரை டிவிடெண்டே கொடுத்ததில்லை. லாபம் எல்லாம் புது மெஷினுக்குப் போகிறது. அண்ணன் கெட்டவர் இல்லை, தொழிலுக்கு அது நல்லதாகவும் இருக்கலாம். ஆனால் தங்கையின் பங்கை வாங்கும் வெளியாளுக்கு ஒரு ரூபாயும் கையில் வராது.

அதனால் மதிப்பீட்டாளர்கள் இரண்டு கழிவு போடுவார்கள். ஒன்று, கட்டுப்பாடு இல்லாததற்கு. இன்னொன்று, வாங்கிய பிறகு திரும்ப விற்க முடியாததற்கு. ஒவ்வொன்றுக்கும் இருபது, முப்பது சதவீதம் என்று போடுவது வழக்கம். எவ்வளவு என்பதற்குக் கல்லில் எழுதிய விதி கிடையாது, இதுவும் பேரம்தான். மொத்தமாக முப்பது சதவீதம் மட்டும் கழித்தாலே 23 லட்சம் 16 லட்சமாகிவிடும். தங்கை மனசில் இருந்தது கிட்டத்தட்ட 60 லட்சம். ஒரே பங்குச் சான்றிதழ்தான்.

யார் வாங்குகிறார் என்பதில் இருக்கிறது விலை

இந்த இடத்தில் தங்கை மனசு விட்டுப்போய் 16 லட்சத்துக்குத் தலையாட்டிவிடக் கூடாது. அவர் கையில் இருப்பது வெறும் 15 சதவீதம் இல்லை என்பதை ஓட்டுக் கணக்கு காட்டும்.

கம்பெனியில் சில முடிவுகளுக்குச் சிறப்புத் தீர்மானம் வேண்டும். உள்விதிகளை மாற்றுவது, வெளியாளுக்குப் புதிதாகப் பங்கு கொடுப்பது போன்றவை இதில் அடங்கும். சிறப்புத் தீர்மானம் என்றால், எதிராக விழும் ஓட்டைப் போல மூன்று மடங்காவது ஆதரவாக விழ வேண்டும். தம்பி எதிர்த்து ஓட்டுப் போட்டால் அது 25. அதை வெல்ல 75 வேண்டும். அண்ணனிடம் இருப்பது 60. தங்கையின் 15ஐச் சேர்த்தால் சரியாக 75.

ஆக, தங்கையின் பங்கை அண்ணன் வாங்கிவிட்டால் தம்பி என்ன சொன்னாலும் எந்தத் தீர்மானத்தையும் நிறைவேற்றிக்கொள்ளலாம். தம்பி வாங்கிவிட்டால் அவரிடம் 40 ஆகிவிடும், அண்ணன் ஒரு சிறப்புத் தீர்மானத்தையும் தனியாக நகர்த்த முடியாது. வெளியாளுக்கு 16 லட்சம் மதிப்புள்ள காகிதம் இந்த இரண்டு பேருக்கும் அதைவிடப் பல லட்சம் கூடுதலாகப் பெறும். அண்ணனுக்கு அது பிடி, தம்பிக்கு அது பாதுகாப்பு. அண்ணன் தம்பிக்குள் சண்டையே இல்லை என்றால் இந்தக் கூடுதல் மதிப்பும் இருக்காது என்பது வேறு விஷயம். நாளைக்கே புது முதலீட்டாளருக்காக ஒரு தீர்மானம் வேண்டியிருந்தால் திடீரென்று முளைக்கும்.

இதுவரை பார்த்தது: பங்குக்குப் பொதுவான விலை என்று ஒன்றும் இல்லை. வெளியாளுக்கு ஒரு விலை, கட்டுப்பாடு கிடைக்கப்போகிறவருக்கு ஒரு விலை, அதைத் தடுக்க நினைப்பவருக்கு ஒரு விலை.

விற்கப் போனால் வழியில் என்னென்ன நிற்கும்

முதலில் படிக்க வேண்டியது ஆர்ட்டிக்கிள்ஸ். கம்பெனி பதிவு செய்தபோது கொடுத்த உள்விதிகள் அவை. கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் 100 ரூபாய் கட்டினால் பதிவான ஆவணங்களைப் பார்க்கலாம். அண்ணனிடம் கேட்டு மனஸ்தாபம் வளர்க்க வேண்டியதில்லை.

பெரும்பாலான குடும்பக் கம்பெனிகளின் ஆர்ட்டிக்கிள்ஸில் முதல் உரிமை என்று ஒரு விதி இருக்கும். விற்க நினைப்பவர் முதலில் கம்பெனிக்கு எழுத்தில் சொல்ல வேண்டும், மற்ற பங்குதாரர்கள் வேண்டாம் என்றால்தான் வெளியே போகலாம். இரண்டு பேரும் வேண்டும் என்றால் அவரவர் வைத்திருக்கும் விகிதத்தில் பிரிப்பார்கள். நம் கணக்கில் அண்ணனுக்கு 1,059, தம்பிக்கு 441 போகும். அதற்குப் பிறகு தம்பியிடம் 29 சதவீதத்துக்கு மேல் இருக்கும், எதிர்த்து நிற்க அது போதும். ஆகவே தம்பி முழுப் பங்கையும் வாங்கப் பணம் தேட வேண்டியதே இல்லை, தன் விகிதத்தை விட்டுவிடாமல் இருந்தாலே போதும். இதைக் கவனிக்காமல் பேச ஆரம்பிக்கும் அண்ணன்மார் உண்டு.

விலையை யார் முடிவு செய்வது என்பதும் அந்த விதியிலேயே இருக்கும். சிலவற்றில் ஆடிட்டர் சொல்லும் நியாயமான மதிப்பு என்று இருக்கும். எந்த முறையில், கழிவு உண்டா இல்லையா என்று எழுதாமல் விட்டிருந்தால் மேலே பார்த்த மூன்று எண்ணும் அப்படியே திரும்பி வந்து நிற்கும். ஆடிட்டரும் கம்பெனியின் ஆடிட்டர்தான்.

"அப்பா இருந்தப்பவே பேசிக்கிட்டோம், வெளியாளுக்கு விற்கறதில்லைன்னு" என்று சொல்வதுண்டு. ரங்கராஜ் எதிர் கோபாலகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. அதுவும் ஒரு குடும்பப் பிரைவேட் கம்பெனி விவகாரம்தான். பங்கை விற்பதற்கு ஒரு கட்டுப்பாடு இருக்கிறது என்றால் அது ஆர்ட்டிக்கிள்ஸில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது கம்பெனியைக் கட்டுப்படுத்தாது. வாய்ப்பேச்சு இரண்டு பக்கமும் ஏமாற்றும்.

ஆள் கிடைத்து விலையும் படிந்துவிட்டால் காகித வேலை பெரிதில்லை. எஸ்ஹெச்-4 என்ற படிவத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டு, விலையில் 0.015 சதவீதம் முத்திரைக் கட்டணம் கட்டி, கையெழுத்திட்ட 60 நாளுக்குள் கம்பெனியிடம் கொடுக்க வேண்டும். சின்னக் கம்பெனி இல்லை என்றால் பங்கை முதலில் டீமேட்டுக்கு, அதாவது காகிதமில்லாத மின்னணு வடிவத்துக்கு மாற்ற வேண்டியிருக்கும். அப்பா பெயரிலேயே இன்னும் இருக்கிறது என்றால் வாரிசு பெயருக்கு மாற்றும் வேலை அதற்கும் முன்னால். பல வீடுகளில் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

எல்லாம் கொடுத்த பிறகும் டைரக்டர்கள் பதிவு செய்ய மறுக்கலாம். பிரைவேட் கம்பெனியில் அந்த அதிகாரத்தை ஆர்ட்டிக்கிள்ஸ் பெரும்பாலும் கொடுத்திருக்கும். மறுத்தால் 30 நாளுக்குள் காரணத்தோடு தெரிவிக்க வேண்டும். அதை எதிர்த்துத் தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் அது சென்னை அமர்வு. பத்து சதவீதம் பங்கு வைத்திருப்பவர், தன்னை ஒடுக்கிக் கம்பெனியை நடத்துகிறார்கள் என்றும் அங்கே மனுப் போடலாம். நியாயம் இருந்தால், இவருடைய பங்கை மற்றவர்கள் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று தீர்ப்பாயம் உத்தரவிட முடியும். தங்கைக்கு இந்தத் தகுதி இருக்கிறது. ஆனால் வருஷக்கணக்கில் இழுக்கும், வக்கீல் செலவு வேறு. அதற்குள் மகள் படிப்பு முடிந்துவிடும்.

குறைத்து விற்றாலும் வரித்துறை குறைக்காது

இதுதான் கடைசித் தடை, அதிகம் பேருக்குத் தெரியாததும் இதுதான்.

பட்டியலிடப்படாத பங்குக்கு வருமான வரி விதிகளில் ஒரு வாய்ப்பாடு இருக்கிறது. நிலம், கட்டடத்துக்கு வழிகாட்டி மதிப்பு, பெரும்பாலான மற்ற சொத்துகளுக்குப் புத்தக மதிப்பு, அதில் கடனைக் கழி, பங்கு எண்ணிக்கையால் வகு. கட்டுப்பாடு இல்லை என்பதற்கோ, விற்க முடியாது என்பதற்கோ அதில் கழிவு கிடையாது. வராத 30 லட்சம் பாக்கியும் புத்தகத்தில் இருக்கும் வரை முழுசாகக் கணக்கில் சேரும். நம் கம்பெனியின் கட்டடத்துக்கு வழிகாட்டி மதிப்பும் புத்தக மதிப்பும் ஒன்றே என்று வைத்துக்கொண்டால், வாய்ப்பாடு தரும் விலை பங்குக்கு 3,240. 1,500 பங்குக்கு 48 லட்சத்து 60 ஆயிரம்.

அண்ணனும் தங்கையும் பேசி, பங்குக்கு 2,000 வீதம் 30 லட்சத்துக்கு முடித்துவிட்டார்கள் என்று வையுங்கள். தம்பி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். விற்பவர் வாய்ப்பாட்டு விலைக்குக் கீழே விற்றால், வாய்ப்பாட்டு விலையையே வாங்கியதாக வைத்துத்தான் வரி போடுவார்கள். அப்பா போட்ட முதலீடு பங்குக்கு 100 ரூபாய், அதாவது ஒன்றரை லட்சம். கழித்தால் லாபம் 47 லட்சத்து 10 ஆயிரம். இரண்டு வருஷத்துக்கு மேல் வைத்திருந்த பங்குக்கு வரி 12.5 சதவீதம், செஸ் தனி. சுமார் 5 லட்சத்து 89 ஆயிரம் வரும். உண்மையில் கையில் வந்த 30 லட்சத்துக்கு மட்டும் போட்டிருந்தால் சுமார் 3 லட்சத்து 56 ஆயிரம்தான். மீதி, வராத பணத்துக்குக் கட்டும் வரி.

வாங்குபவர் அண்ணன் என்பதால் அவர் பக்கம் தொந்தரவில்லை. உடன்பிறந்தவரிடம் குறைந்த விலைக்கு வாங்கினால் வாங்குபவருக்கு வரி கிடையாது. வெளியாள் அதே 30 லட்சத்துக்கு வாங்கியிருந்தால், 48.60க்கும் 30க்கும் உள்ள 18 லட்சத்து 60 ஆயிரம் அவருடைய வருமானமாகவே சேர்ந்து அவர் வரி விகிதத்தில் வரி விழும். முப்பது சதவீத வரம்பில் இருப்பவர் என்றால் ஐந்தரை லட்சத்துக்கு மேல். கட்டுப்பாடும் இல்லாத, டிவிடெண்டும் வராத பங்கை வாங்கி, மேலே வரியும் கட்ட யார் வருவார்? வெளியாள் வராததற்கு இதுவும் ஒரு காரணம்.

அதனால் தங்கை விலை பேச உட்காரும் முன் ஆடிட்டரிடம் கேட்க வேண்டிய முதல் எண், கம்பெனி எத்தனை கோடி போகும் என்பது இல்லை, அந்த 3,240தான். அண்ணன் மூன்று தவணையாகத் தருகிறேன் என்றால் பங்கையும் மூன்று தவணையாக எழுதிக் கொடுப்பது விற்பவருக்குப் பாதுகாப்பு. பணம் நின்றுபோனால் மீதிப் பங்கு கையிலேயே இருக்கும். ஆனால் ஒவ்வொரு தவணைக்கும் அன்றைய வாய்ப்பாட்டு விலை பார்ப்பார்கள், நடுவில் வழிகாட்டி மதிப்பு ஏறினால் வரியும் ஏறும். முதல் தவணையில் 500 பங்கு எழுதிக் கொடுத்ததுமே தங்கையிடம் 10 சதவீதம்தான் மிஞ்சும், அண்ணனுக்கு 65 ஆகிவிடும். சிறப்புத் தீர்மானத்துக்கு இன்னும் பத்துக் குறைகிறது என்பதால் தங்கையின் ஓட்டு அதுவரை செல்லும். இரண்டாவது தவணைக்குப் பிறகு தீர்ப்பாயத்துக்குப் போகும் பத்து சதவீதத் தகுதி கைவிட்டுப் போய், ஆள் எண்ணிக்கையை வைத்து மட்டுமே நிற்க வேண்டியிருக்கும். பெரிய தொகையை முதல் இரண்டு தவணையிலேயே வாங்கிவிட வேண்டும் என்று வக்கீல்கள் சொல்வது இதனால்தான்.